விண்ட்மில் பிட்ச்: வேகம் ஏறவில்லையா, தோள் வலிக்கிறதா? பிழை எங்கே என்று பார்க்கும் முறை

கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழ்க்கையாகப் பந்து போடும் விண்ட்மில் பிட்ச்சில், சாஃப்ட்பால் பிட்சர் ஒருவரின் வேகம் ஏறாமல் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். "இன்னும் வேகமாச் சுத்து" என்பார்கள். கையும் வேகமாகச் சுற்றும், பந்து மட்டும் அதே வேகத்தில் போகும். சில வாரங்களில் தோளின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: முன்கால் தரையில் ஊன்றும் நேரமும், கை வட்டத்தில் இருக்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்த ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டே கீழே உள்ள குறைகள் ஒவ்வொன்றையும் பார்க்கலாம்.

இங்கே சொல்லப்படுவது வலக்கை பிட்சருக்கு. இடக்கைக்காரர் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வீடியோ

கண்ணால் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. கை தலைக்கு மேலிருந்து கீழே வந்து பந்தை விடுவதற்கு ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அதனால் போனில் ஸ்லோ மோஷனை நொடிக்கு 240 பிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பேஸ் பக்கமாக, பிட்சரிடமிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் போனை அசையாமல் நிறுத்துங்கள். பிட்சர் கால் வைத்துத் தொடங்கும் பலகையான பிட்ச்சிங் பிளேட்டும் முன்கால் ஊன்றும் இடமும் இரண்டும் திரைக்குள் வர வேண்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கேட்சர் வலப்புறம் இருப்பார். கை போகும் வழியைக் கடிகாரமாக எண்ணிக்கொள்ளலாம். கை கீழே தொங்கும்போது 6 மணி, கேட்சரை நோக்கி நீளும்போது 3, தலைக்கு மேலே 12, பின்னால் இரண்டாம் பேஸ் பக்கம் 9, பிறகு மறுபடியும் 6. பந்து கையை விட்டுப் போவது இந்த இரண்டாவது 6 மணியில், இடுப்பை ஒட்டி. முள் தலைகீழாகச் சுற்றுகிறதே என்று குழம்ப வேண்டாம், நமக்கு இடம்தான் முக்கியம்.

வீடியோவில் தேட வேண்டியது ஒரே ஒரு பிரேம்: முன்கால் (இடது கால்) முழுதாகத் தரையில் பதியும் பிரேம். அங்கே நிறுத்திவிட்டுக் கை எத்தனை மணியில் இருக்கிறது என்று பாருங்கள். 11-க்கும் 9-க்கும் இடையில், ஏறத்தாழ 10 மணியில் இருந்தால் அடிப்படை சரி. கூடவே தொப்புள் மூன்றாம் பேஸைப் பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நொடியில் இடுப்பு திறந்தே இருக்க வேண்டும்.

ஏன் 10 மணி? பின்கால் பிளேட்டைத் தள்ளியதும் உடல் மொத்தமும் கேட்சரை நோக்கிப் பாய்கிறது. முன்கால் உறுதியாக ஊன்றும்போது அந்த ஓட்டத்துக்குத் தடை விழுகிறது. ஓடும் பேருந்து சட்டென நின்றால் கம்பியைப் பிடிக்காதவர் முன்னால் வீசப்படுவது போல, கீழே நின்ற வேகம் மேலே ஏறுகிறது. முதலில் இடுப்பு கேட்சர் பக்கம் திரும்பி மூடத் தொடங்கும், அடுத்து மார்பு, அதன் பிறகு மேல்கை, முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. இந்த வரிசை நடந்து முடியக் கொஞ்சம் நேரம் வேண்டும். கை 10 மணியிலிருந்து 6 மணிக்கு வரும் நேரம்தான் அது. கால் தாமதமாக ஊன்றினால் வேகம் மேலே ஏறி வருவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். கால் முன்னதாகவே ஊன்றிவிட்டால் ஏறி வந்த வேகம் கை வருவதற்குள் அடங்கிவிடும். இரண்டிலும் கை தனியாகத்தான் வேலை செய்யும்.

குறை: கை வேகமாகச் சுற்றுகிறது, பந்தில் வேகம் இல்லை

அடிக்கடி வருவது இதுதான். பெரும்பாலும் கால் தாமதமாக ஊன்றுவதுதான் காரணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் பிட்சர், வயது 14, உயரம் 160 செ.மீ. பிட்ச் தூரம் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். வேகம் மணிக்கு 80 கி.மீ.-யில் மாதக்கணக்காக நிற்கிறது. வீடியோவில் கை 12 மணியில் இருக்கும் பிரேமைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணினால், 20-ஆவது பிரேமில் முன்கால் பதிகிறது, 27-ஆவது பிரேமில் பந்து கையை விடுகிறது. கால் பதியும்போது கை 8 மணிக்கு வந்துவிட்டது. ஊன்றியதற்கும் பந்தை விடுவதற்கும் நடுவே 7 பிரேம், அதாவது நொடியில் நூறில் மூன்று பங்கு. இதற்குள் இடுப்பு, மார்பு, கை என்று வரிசையாக எதுவும் நடக்க வழியில்லை. அந்தப் பெண்ணின் பந்து அந்தரத்தில் பறந்துகொண்டிருக்கும் உடலிலிருந்தே கிட்டத்தட்ட எறியப்படுகிறது.

கால் ஏன் தாமதமாகிறது? இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்ட்ரைடின் நீளம். பிளேட்டின் முன் விளிம்பிலிருந்து முன்கால் குதிகால் வரை டேப் வைத்து அளந்தால் 175 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். உயரத்தைவிட அதிகம். வளர்ந்த, கால் பலம் உள்ள பிட்சர்களுக்கு ஸ்ட்ரைட் உயரத்தின் 80 முதல் 100 சதவீதம் வரை இருப்பது வழக்கம். "நீளமாகத் தாவினால் வேகம் வரும்" என்று சொல்லிக்கொடுத்ததை அந்தப் பெண் நம்பித் தாவுகிறார், ஆனால் தள்ளும் பலம் அதற்குப் போதவில்லை. அதனால் உடல் முன்னே போவதைவிட மேலே எழும்புகிறது. மேலே போனது கீழே வர நேரம் ஆகும், கை அதற்காகக் காத்திருக்காது. வீடியோவில் பிட்சரின் தலை ஸ்ட்ரைடின் நடுவே எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். தொப்பி ஒரு சாண் அளவுக்கு மேலே போய் இறங்கினால் இதுதான் பிழை.

இரண்டாவது, கை முந்திக் கிளம்புவது. பின்கால் தள்ளத் தொடங்கும் முன்பே கை 3 மணியைத் தாண்டி மேலே போய்விட்டால், கால் என்ன வேகத்தில் வந்தாலும் பின்தங்கித்தான் வரும். சரியான ஓட்டத்தில் முன்கால் முழங்காலும் பந்து பிடித்த கையும் கேட்சரை நோக்கிச் சேர்ந்தே நீளும். முழங்கால் முன்னே போகும்போது கையும் 3 மணியை நோக்கிப் போகும், பின்கால் முழுதாக நீண்டு பிளேட்டை விடும்போது கை மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

திருத்தும் வேலையை இரண்டு கட்டமாகச் செய்யலாம். பிளேட்டிலிருந்து 140 செ.மீ. தள்ளி, அதாவது இவருடைய உயரத்தில் 88 சதவீதத்தில், தரையில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். குதிகால் அந்தக் கோட்டில் இறங்க வேண்டும். ஐந்தாறு மீட்டரில் வலை வைத்து, முழு வேகத்தில் அறுபது சதவீதம் மட்டும் போட்டு, ஒரு தடவைக்கு 12 பந்து, நடுவே இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 12. கேட்சர் வேண்டாம். ஸ்ட்ரைக் விழுந்ததா என்று பார்க்கும் ஆசை வந்தால் கால் பழைய இடத்துக்கே போய்விடும்.

இது பழகியதும் இரண்டாவது கட்டம். கை கீழே தொங்கும் நிலையில் "முழங்கால்" என்று வாய்விட்டுச் சொல்லி முழங்காலையும் கையையும் ஒன்றாக நீட்டுங்கள், கால் பதியும்போது "ஊன்று" என்று சொல்லுங்கள், பந்தை விடும்போது "விடு". மூன்று சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி காதுக்கே தெரியும். "ஊன்று விடு" இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக வந்தால் கால் இன்னும் தாமதம்தான். இந்தப் பயிற்சி கொஞ்சம் விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் வீடியோவைவிடச் சீக்கிரமாக உடலுக்குப் புரிவது சத்தம்தான்.

மறுபடி வீடியோ எடுக்கும்போது கால் 9-ஆவது பிரேமில் பதிந்து, பந்து 27-இல் போக வேண்டும். கை சுற்றும் மொத்த நேரம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கை வேகமாகவில்லை, ஊன்றிய பிறகு கிடைக்கும் நேரம்தான் 7 பிரேமிலிருந்து 18 பிரேமாகியிருக்கிறது. ஸ்ட்ரைட் குறைந்ததால் முதல் இரண்டு வாரம் ரேடாரில் வேகம் சற்றுக் குறைவாகவே காட்டும். அதனால் அந்த இரண்டு வாரமும் ரேடார் துப்பாக்கி பைக்குள்ளேயே கிடக்கட்டும். கால் பலம் கூடக்கூட, தலை எழும்பாமலும் பொருத்தம் கெடாமலும் கோட்டை ஐந்து ஐந்து செ.மீ.-யாகத் தள்ளிப் போடலாம்.

எதிர்ப்பிழையும் உண்டு, குறைவாகத்தான் வரும். கால் பதியும்போது கை இன்னும் 12 மணிக்கே வரவில்லை என்றால், வட்டத்தின் முதல் பாதி மந்தம். பெரும்பாலும் கையை மேலே கொண்டுபோகும்போது முழங்கையை மடக்கிக் காதருகே ஒரு கணம் நிறுத்துவார்கள். கையைத் தளர்வாக நீட்டி நிற்காமல் சுற்றச் சொன்னாலே பாதி சரியாகிவிடும். நீட்டுவது என்றால் முழங்கையைப் பூட்டுவது அல்ல. பூட்டிய கை வட்டத்தின் அடியில் சாட்டைபோல் சொடுக்காது.

குறை: பந்து வலப்பக்கம் போகிறது, முன்கை தொடையில் மோதிக் கன்றிப்போகிறது

பந்தை விடும் நேரத்தில் முன்கையின் உள்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடுப்பின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போவது நல்ல பிட்சரிடம் இயல்பு. அந்த உரசலில் முன்கையின் மேல்பகுதி சற்றுத் தாமதிக்க, மணிக்கட்டு முந்திக்கொண்டு சொடுக்கும். உரசல் என்பது சட்டைத் துணி சரசரக்கும் அளவுதான். தோல் சிவந்து நீலம் பாய்ந்தால் அது மோதல்.

மோதலுக்குக் காரணம் இடுப்பு நேரத்துக்கு முன்பே மூடிவிடுவது. கை 9 மணியில் இருக்கும்போதே இடுப்பு கேட்சரைப் பார்த்துத் திரும்பிவிட்டால், கை வர வேண்டிய வழியில் இடுப்பெலும்பும் தொடையும் வந்து நிற்கும். கைக்கு இரண்டே வழி: மோதுவது, அல்லது இடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போவது. வெளியே சுற்றிப் போனால் பந்து வலக்கை பேட்டரின் உடம்பை நோக்கிப் போகும். இரண்டும் மாறி மாறி நடந்தால் ஒரு பந்து கன்றிப்போகும் வலியோடு நேராகவும், அடுத்தது வலியில்லாமல் வெளியேயும் விழும். பிட்சர் இதைக் கட்டுப்பாடு இல்லாமை என்று நினைப்பார். உண்மையில் வழி மறிக்கப்பட்ட கை எப்படியோ தப்பிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இங்கே "இடுப்பைப் பலமாக மூடு" என்ற பழைய அறிவுரை தீங்கு செய்யும். பந்தை விடும் கணத்தில் இடுப்பு பாதிதான் மூடியிருக்க வேண்டும், ஏறத்தாழ 45 பாகை. மீதி மூடல் பந்து போன பிறகு தானாக நடக்கும். கதவை அறைந்து சாத்துவதுபோல் மூடினால் கை வெளியே மாட்டிக்கொள்ளும்.

ஏன் முந்தி மூடுகிறது என்பதைத் தரையே சொல்லும். பிட்ச் முடிந்ததும் முன்கால் பதிந்த தடத்தைப் பாருங்கள். பாதம் நேராகக் கேட்சரைப் பார்த்துப் பதிந்திருந்தால் இடுப்பு திறந்திருக்க வழியே இல்லை. கால் விரல்கள் மூன்றாம் பேஸ் பக்கம் 30 முதல் 45 பாகை திரும்பிப் பதிய வேண்டும். அதற்கும் மேலே, கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டில் பதிந்தால் இடுப்பு மூட முடியாமல் முழங்கால் திருகும். அது வேறு வலி.

அடுத்து, பிளேட்டில் வலது கால் கட்டைவிரல் இருந்த இடத்திலிருந்து கேட்சரின் நடுவுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இழுங்கள். முன்கால் அந்தக் கோட்டின் மேலோ, சில செ.மீ. இந்தப்பக்கம் அந்தப்பக்கமோ பதிய வேண்டும். கோட்டைத் தாண்டி வலப்பக்கம், மூன்றாம் பேஸ் பக்கம் பதிந்தால் பிட்சர் தன் தொடையைத் தானே கையின் வழியில் வைக்கிறார். அப்போது இடுப்பின் நேரத்தைத் திருத்தப் போகாதீர்கள், ஸ்ட்ரைடின் திசையைத் திருத்தினால் போதும். அடியெடுத்து வைப்பது பிளேட்டின் 24 அங்குல அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, ஆனால் விதிக்குள் இருந்துகொண்டே தன் வழியை மறித்துக்கொள்ள முடியும்.

பாதமும் கோடும் சரியாக இருந்தும் மோதினால், கேமராவை கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அப்பால் வையுங்கள். கை 9 மணியில் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால், முதல் பேஸ் பக்கம் சாய்ந்து மறைகிறதா? அப்படியானால் அங்கிருந்து 6 மணிக்கு வரும்போது கை உள்ளிருந்து வெளியே வீசும், பந்து வலப்பக்கம் போகும். கை உடலை விட்டு விலகி மூன்றாம் பேஸ் பக்கமாக அகன்று இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வரும், பந்து இடப்பக்கம் போகும். வட்டம் கோட்டுக்கு மேலேயே ஒரு தட்டுபோல் நிற்க வேண்டும். வலத்தோளை ஒட்டி முப்பது செ.மீ. இடைவெளியில் ஒரு சுவர் வருமாறு நின்று, பந்து இல்லாமல் மெதுவாகக் கையைச் சுற்றிப் பார்த்தால் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். வேகமாகச் செய்ய வேண்டாம், விரல் முட்டி போகும்.

இடுப்பு திறந்தே இருக்கும் உணர்வைப் பழக்க, கால்களை ஸ்ட்ரைட் முடிந்த நிலையில் வைத்து, தொப்புள் மூன்றாம் பேஸைப் பார்க்க, கையை 12 மணியில் உயர்த்தி நில்லுங்கள். அங்கிருந்து மட்டும் போடுங்கள். எடையில் பாதிக்கு மேல் பின்காலில் தொடங்கி, முன்கால் முழங்காலைச் சற்று மடக்கி உறுதியாக வைத்து, பின் முழங்கால் முன் முழங்காலை நோக்கி வர, பந்தை விடுங்கள். பின் முழங்கால் போய்ச் சேர்வதும் கை உரசுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முழங்கால் முந்தினால் மோதல், கை முந்தினால் வேகம் இல்லை. ஆறு மீட்டரில் 15 பந்து போதும்.

குறை: பின்கால் இழுபடுகிறது, ஷூவின் முனை கிழிகிறது

பிட்சரின் வலது ஷூவைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலின் உள்பக்க ஓரம் தேய்ந்திருந்தால் நல்லது, கால் பக்கவாட்டில் லேசாக வழுக்கிப் போகிறது என்று பொருள். மேல் முனை, விரல் நகங்களுக்கு மேலே, ஓட்டை விழுந்திருந்தால் எடை பின்காலிலேயே தங்கி, உடல் அதை மண்ணில் உழுதுகொண்டு போகிறது. தரையிலும் அது தெரியும்: நல்ல பிட்சரின் கோடு மெல்லியதாக முன்குதிகாலுக்கு அருகே வரை வரும், இவருடையது ஆழமாக வெட்டி நடுவழியில் நின்றுபோகும்.

உழும் காலுக்குக் காரணம், பிளேட்டைத் தள்ளாமல் முன்காலை மட்டும் எட்டி வைப்பது. தள்ளினால் பின்கால் முழங்கால் நீளும், எட்டி வைத்தால் மடங்கியே இருக்கும். பக்கவாட்டு வீடியோவில் பின்கால் பிளேட்டை விடும் பிரேமில் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். பந்து இல்லாமல், பிளேட்டிலிருந்து முன்னோக்கிப் பாய்ந்து முன்காலில் இறங்கி இரண்டு நொடி தள்ளாடாமல் நிற்கும் பயிற்சியை ஒரு தடவைக்கு எட்டு முறை செய்தால் போதும். இறங்கி நிற்க முடியாத காலை வைத்து ஊன்றும் வேகத்தைப் பிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. உழுவதைத் தவிர்க்கிறேன் என்று பின்காலைத் தூக்கி, பிளேட்டுக்கு முன்னால் மறுபடி ஊன்றி அங்கிருந்து தள்ளினால் அது விதிமீறல், நடுவர் இல்லீகல் பிட்ச் கொடுப்பார். இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பலாமா என்பது விளையாடும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பொறுத்தது, ஆட்டத்துக்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை: பந்து மேலேயும் கீழேயுமாகப் போகிறது

சுருக்கமாகச் சொன்னால் போதும். தாமதமாக விட்ட பந்து மேலே, முந்தி விட்ட பந்து கீழே. ஆனால் விரலைத் திருத்தாதீர்கள். பெரும்பாலும் முன்கால் முழங்கால் ஊன்றியதும் மடங்கிச் சரிந்து, உடல் முன்காலைத் தாண்டிப் போய்விடுகிறது, அதனால் விடும் இடமும் ஒவ்வொரு பந்துக்கும் மாறுகிறது. பந்தை விடும் பிரேமில் தலை முன்காலுக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறதா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தலை முன்பாதத்துக்கு மேலே வந்திருந்தால் பிழை காலில்தான்.

குறை: தோளின் முன்பக்கம் வலிக்கிறது

கீழ்க்கைப் பிட்ச் தோளுக்கு இயல்பானது, எத்தனை போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. விண்ட்மில் பிட்ச்சில் கை கீழே இறங்கும்போது, மேல்கை எலும்பைத் தோள்குழியிலிருந்து வெளியே இழுக்கும் விசை உடல் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் போவதாக ஆய்வுக்கூட அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்கிப் பிடிப்பதில் பைசெப்ஸ் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே தசைதான் முழங்கை அதிகமாக நீண்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்த வலி தோளின் முன்பக்கம், பைசெப்ஸ் நரம்புபோல் உருளும் இடத்தில் வருகிறது.

கையின் வேகம் கூடினால் இந்த இழுப்பும் கூடும், அதைத் தவிர்க்க வழியில்லை. தவிர்க்கக்கூடியது, கால் ஊன்றாமலும் இடுப்பு வராமலும் கை மட்டும் தன் பலத்தில் தன்னை இழுத்துக்கொள்வது. ஆகவே வலி உள்ள பிட்சரின் வீடியோவில் முதலில் தேட வேண்டியதும் அதே பிரேம்தான். அடுத்து, கை 9 மணியில் முதுகுக்குப் பின்னால் மறைகிறதா என்று பாருங்கள். அங்கே இருந்து கையை முன்னே கொண்டுவரத் தோளின் முன்பக்கம்தான் முழுக்க உழைக்க வேண்டும். மூன்றாவது, பந்தை விட்ட பிறகு கையைச் சட்டென்று நிறுத்துகிறாரா என்று பாருங்கள். கை தளர்வாக முழங்கை மடங்கி மேலே போய் முடிய வேண்டும், வலுக்கட்டாயமாகத் தோளுக்கு மேலே வீசவும் வேண்டாம், இடுப்பருகே பிடித்து நிறுத்தவும் வேண்டாம்.

எப்போது வீடியோவை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்? பிட்ச் போடாத நேரத்திலும், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால். முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில், ஒரு விரல் நுனி அளவு இடத்தைத் தொட்டால் சுரீரென்றால். கடைசியாகச் சொன்னது அந்த எலும்பில் வரும் நுண்ணிய முறிவாக இருக்கலாம், விண்ட்மில் பிட்சர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். "கன்றிப்போன இடம்தான்" என்று மோதல் வலியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கன்றிய வலி பரவலாக இருக்கும், சில நாளில் அடங்கும். எலும்பு வலி ஒரே புள்ளியில் இருக்கும், பிட்ச் போடப்போட ஏறும்.

வலி அடங்கிய பிறகு பிட்சர் மறுபடி பந்து போட வரும்போது மூன்றை ஒரே நாளில் கூட்டக் கூடாது: எண்ணிக்கை, தூரம், வேகம். ஐந்து மீட்டரில், பாதி வேகத்தில், 20 பந்தில் தொடங்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை கையைத் தலைக்கு மேலே தூக்கி வலிக்கவில்லை என்றால் அடுத்த முறை பத்து பந்து கூட்டலாம். 60 பந்து வலியில்லாமல் போடும்வரை தூரத்தைத் தொட வேண்டாம். அதன் பிறகு இரண்டு மூன்று மீட்டராகப் பின்னால் போங்கள். முழுத் தூரத்துக்கு வந்த பிறகுதான் வேகம். நடுவில் எந்தக் கட்டத்தில் வலித்தாலும் அதற்கு முந்தைய கட்டத்துக்குப் போய், அங்கே இரண்டு முறை வலியில்லாமல் முடித்துவிட்டு மேலே வாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து பந்துக்கு ஒருமுறை போனை எடுத்து அந்த ஒரு பிரேமைப் பாருங்கள். வலிக்குப் பயந்து பிட்சர் கையை முந்தி இறக்கத் தொடங்கினால், கால் பதியும்போது கை மறுபடியும் 8 மணியில் நிற்கும்.